ஓடைக்கரையில் ‘அது’ எது? ஏற்காட்டுத் தோட்டத்தில் ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

சேர்வராயன் மலையில் நாகலூர்ப் பக்கம் உள்ள ஒரு சிறிய காப்பித் தோட்டத்தில் நடந்தது இது. மொத்தம் 18 ஏக்கர். அராபிகா காப்பி, நிழலுக்குச் சில்வர் ஓக், அந்த மரங்களிலேயே ஏற்றிவிட்ட மிளகுக் கொடி. உரிமையாளர் சேலத்தில் குடியிருக்கும் பெரியவர். மலையில் இருந்து தோட்டத்தைப் பார்த்துக்கொள்பவர் மேஸ்திரி. 17 ஆண்டாக அதே தோட்டம். நான் தோட்டத்தின் வரவு செலவைப் பார்ப்பவன். இருவரும் சம்மதித்த பிறகே எழுதுகிறேன். பெயர்களும் தோட்டத்தின் அடையாளமும் வேண்டாம் என்பது அவர்கள் போட்ட ஒரே நிபந்தனை.

வழக்கமாகச் சனிக்கிழமை காலையில் பெரியவர் மலையேறிவிடுவார். இருவரும் காட்டைச் சுற்றி நடந்தபடியே அந்த வாரத்து வேலையைப் பேசி முடிப்பார்கள். அப்படி நடக்கும்போது கூடப் போய்ப் பார்த்திருக்கிறேன். பெரியவர் கைத்தடியை நீட்டி “இதைக் கவாத்து பண்ணு, அதை விட்டுடு” என்பார். மேஸ்திரி தலையாட்டுவார். பொருளின் பெயரே பேச்சில் வராது, வேலை மட்டும் சரியாக நடக்கும். தடியின் நுனி எங்கே நிற்கிறதோ அதுதான் ‘இது’.

அந்த ஆண்டு ஆகஸ்டில் பெரியவருக்கு முழங்கால் அறுவை சிகிச்சை. இரண்டு மாதம் மலையேறக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதிலிருந்து வாரம் ஒரு முறை இரவில் போன் பேச்சு. அவருடைய போன் எல்லா அழைப்பையும் தானாகவே பதிவு செய்துவிடும். அதனால்தான் இந்த ஆய்வே சாத்தியமாயிற்று.

அன்றைய பேச்சு

செப்டம்பர் நடுவில், ஒரு புதன்கிழமை இரவு. பேச்சு 47 நிமிடம் ஓடியது.

முதலில் மழை, ஆள் கூலி. 14-வது நிமிடத்தில் தண்டுத் துளைப்பான் வந்தது. அராபிகா போட்டவர்களுக்கு இந்தப் பூச்சியைத் தெரியாமல் இருக்காது. வண்டு பட்டை இடுக்கில் முட்டையிடும். புழு தண்டுக்குள் குடைந்து போகும். தண்டைச் சுற்றி வரப்பு மாதிரி மேடு தட்டும், இலை மஞ்சளாகி வாடும். வண்டு வெளியே வந்து பறப்பது ஆண்டுக்கு இரண்டு முறை: ஏப்ரல், மே ஒன்று, அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை இன்னொன்று. ஆகவே மார்ச்சிலும் செப்டம்பரிலும் செடி செடியாகப் பார்த்து, பட்டதை வேரோடு பிடுங்கி எரித்துவிட வேண்டும். மேஸ்திரி அந்த வாரம்தான் பார்த்து முடித்திருந்தார். ஓடைக்கரையில் 40 செடி பட்டிருக்கிறது, சுண்ணாம்பால் கோடு போட்டு வைத்திருக்கிறேன் என்றார். பெரியவர் நோட்டில் எழுதிக்கொண்டார்.

அப்புறம் தீபாவளி முன்பணம், ஆள் கிடைக்காத பிரச்சினை, மேஸ்திரி மகளின் கல்லூரிச் செலவு என்று பேச்சு எங்கெங்கோ போயிற்று. 33-வது நிமிடத்தில் மேஸ்திரி ஒரு சேதி சொன்னார். ஞாயிற்றுக்கிழமைக் காற்றில் ஓடைக்கரைச் சில்வர் ஓக் இரண்டு சாய்ந்துவிட்டன, ஒரு பக்கம் வேர் தூக்கியிருக்கிறது. “பார்ப்போம்” என்றார் பெரியவர். 35-வது நிமிடத்தில் பழம் உரிக்கும் பல்பர் மெஷின், அதற்கு மெக்கானிக். 38-வது நிமிடத்தில்தான் இந்த உரையாடல்:

“சரி, ஓடைக்கரைல இருக்கிறதை வெள்ளிக்கிழமைக்குள்ள எடுத்துடு மேஸ்திரி. அதை விட்டு வச்சா மத்ததுக்கும் ஆபத்து.”

“சரிங்கய்யா, எடுத்துடறேன். நாலு ஆள் போடட்டுங்களா?”

“நாலு பேர் போதும்.”

“கயிறு வேணுங்க.”

“ஸ்டோர்ல இருக்கும், எடுத்துக்க.”

அதோடு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்கள். பெரியவர் சொன்னது துளைப்பான் பட்ட 40 செடியை. மேஸ்திரி கேட்டுக்கொண்டது சாய்ந்த இரண்டு மரத்தை.

வெள்ளிக்கிழமை மரம் இரண்டும் விழுந்தன, 9 ஆண்டு மிளகுக் கொடியோடு. சரம் விட்டுக் காய் பிடித்திருந்த நேரம். சனிக்கிழமை பெரியவர் போன் செய்து விசாரிக்கவும் செய்தார். “எடுத்தாச்சா?” “எடுத்தாச்சுங்கய்யா.” “நல்லது.” சரிபார்ப்பதற்கென்றே செய்த போனிலும் பொருளின் பெயர் இருவர் வாயிலிருந்தும் வரவில்லை.

தெரிய வந்தது

அக்டோபர் 4-ம் தேதி கூலி பட்டுவாடாவுக்கு நான் மேலே போனேன். ஓடைக்கரையில் இரண்டு அடிமரம் புதிதாக வெள்ளையாகத் தெரிந்தது. அந்த இடம் முழுக்க வெயில். அந்த வெயிலில் சுண்ணாம்புக் கோடு போட்ட காப்பிச் செடிகள் அப்படியே நின்றன.

மேஸ்திரி தன்னிஷ்டத்துக்கு மரத்தை வெட்டிவிட்டார் என்றுதான் முதலில் நினைத்தேன். அவரிடம் கேட்ட விதத்திலும் அது தெரிந்திருக்கும். “ஐயா சொல்லித்தானுங்க எடுத்தேன்” என்றார். கீழே வந்து கேட்டால் பெரியவர், “மரத்தை நான் எடுக்கவே சொல்லலையே” என்றார். இரண்டு பேருமே பொய் சொல்கிறவர்கள் இல்லை. அன்று இரவு பதிவைப் போட்டுக் கேட்டபோதுதான், இருவர் சொன்னதும் உண்மை என்று புரிந்தது.

மரம் போனதோடு சேதம் முடியவில்லை. துளைப்பான் வண்டு வெயில் படும் தண்டைத் தேடித்தான் முட்டையிட வரும். நிழல் குறைந்தால் தாக்குதல் கூடும். போக வேண்டிய செடி நின்றுவிட்டது, அதைச் சுற்றியிருந்த நல்ல செடிகளுக்கு நிழல் போய்விட்டது, வண்டு பறக்கும் மாதமும் பிறந்துவிட்டது.

பதிவை நிறுத்தி நிறுத்திக் கேட்டது

யார் மேல் தப்பு என்று கேட்பதில்லை என்று முதலிலேயே முடிவு செய்துகொண்டேன். அந்தக் கேள்வியை எடுத்தால் இருவரும் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் பேசுவார்கள். அதற்குப் பதிலாக, பேச்சின் கடைசி 12 நிமிடத்தை இருவருக்கும் தனித்தனியே போட்டுக்காட்டினேன். ‘அது’, ‘அதை’, ‘அதுக்கு’, ‘இருக்கிறதை’ என்று வரும் ஒவ்வோர் இடத்திலும் நிறுத்தி, “இது எதைச் சொல்லுது?” என்று கேட்டு எழுதிக்கொண்டேன். மொத்தம் 23 இடம். 20 இடத்தில் இருவர் பதிலும் ஒன்று. 3 இடத்தில் வேறு வேறு. அந்த மூன்றில் இரண்டு யாருக்கும் நஷ்டமில்லாதவை. உதாரணமாக, “அதுக்கு ரசீது வாங்கிட்டியா?” என்று ஒரு இடம். பெரியவர் கேட்டது சுண்ணாம்புக்கு, மேஸ்திரி “வாங்கிட்டேங்க” என்றது பல்பர் பெல்ட்டுக்கு. நல்லவேளையாக இரண்டுக்குமே ரசீது இருந்தது. மூன்றாவதுதான் மரம்.

20 இடம் ஒத்துப்போனதை நான் சாதாரணமாக நினைக்கவில்லை. 17 ஆண்டுப் பழக்கம் பேச்சின் ஓட்டைகளை எல்லாம் அடைத்துக்கொண்டு வருகிறது. அந்த இடம் மட்டும் ஏன் தவறியது என்பதுதான் கேள்வி.

பெரியவரிடம் கேட்டபோது அவர் அந்த நோட்டைத் திறந்து காட்டினார். பக்கத்தின் நடுவில் “துளைப்பான் 40 ஓடைக்கரை” என்று எழுதி, அடியில் கோடு. பேச்சு முழுக்க அந்தப் பக்கம் அவர் கண்முன்னே விரிந்து கிடந்திருக்கிறது. அவரைப் பொறுத்தவரை செடிப் பேச்சு முடியவே இல்லை; 14-வது நிமிடத்தில் வந்த விஷயத்தை 38-வது நிமிடத்திலும் கையில் வைத்திருந்தார். மேஸ்திரி காதுக்குச் செடிப் பேச்சு எப்போதோ முடிந்துவிட்டது. ஓடைக்கரை என்ற சொல்லோடு கடைசியாக அவர் கேட்டது, அவரே சொன்னது, மரம். அன்று சாயங்காலம் அந்த வேரைப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்திருந்தார். சொல்கிறவருக்குத் தன் மனதில் இருப்பது ‘அது’. கேட்கிறவருக்கு, சொல்லுக்குப் பொருந்துகிற பொருள்களில் கடைசியாக வந்தது ‘அது’. பேச்சு குட்டையாக இருந்தால் இரண்டும் ஒன்றாகவே இருக்கும். நீள நீள இரண்டும் விலகும். விலகியது இருவருக்கும் தெரியாது.

நம் மொழி இங்கே கைகொடுக்கவும் இல்லை. ஆளைப் பற்றிய பேச்சாக இருந்தால் அவன், அவள், அவர் என்று பாதியாவது வடிகட்டலாம். அஃறிணையில் செடி, மரம், மெஷின், ரசீது எல்லாமே ‘அது’. பேச்சில் பன்மையும் போய்விடும். 40 செடியும் ‘அது’, 2 மரமும் ‘அது’. அவர் ‘அதுகளை’ என்று சொல்லியிருந்தால்கூட மேஸ்திரிக்கு இரண்டு மரம் இருக்கிறது, பொருந்தியிருக்கும். ‘எடுத்துடு’ என்பதும் அப்படித்தான். செடியையும் எடுக்கலாம், மரத்தையும் எடுக்கலாம். ‘பிடுங்கி எரிச்சுடு’ என்று வந்திருந்தால் அந்த இடத்திலேயே தெளிந்திருக்கும். ‘மத்ததுக்கும் ஆபத்து’ என்றது இரண்டுக்கும் பொருந்துகிறது: பூச்சி பரவினாலும் ஆபத்து, மரம் விழுந்தாலும் ஆபத்து. நாலு ஆள் என்பதும் இரண்டு வேலைக்கும் சரியான கணக்கு. பொருந்தாத ஒன்று இருந்திருந்தால் யாராவது ஒருவர் நின்று கேட்டிருப்பார்.

ஒன்று இருக்கத்தான் செய்தது: கயிறு. செடி பிடுங்கக் கயிறு எதற்கு? பெரியவரிடம் கேட்டேன். “பிடுங்கினதைக் கட்டிச் சுமக்கன்னு நெனச்சேன்” என்றார். மரத்தை ஓடைப் பக்கம் சாயாமல் இழுத்துப் பிடிக்கத்தான் மேஸ்திரி கேட்டார். பொருள் மாறிப்போயிருக்கிறது என்பதற்கு அந்தப் பேச்சில் இருந்த ஒரே தடயம் இந்தக் கயிறு. ஆனால் மனதில் ஒரு பொருள் ஏற்கெனவே உட்கார்ந்துவிட்டால், இடறுகிற சொல்லுக்கும் நாமே ஒரு காரணம் கற்பித்துக்கொள்கிறோம்.

பிறகு அந்த ‘சரிங்கய்யா, எடுத்துடறேன்’. ஒப்புக்கொண்ட மாதிரி கேட்கிறது. ஆனால் திரும்ப வந்தது வினை மட்டும்தான். எதை என்பது திரும்ப வரவில்லை. ‘எதைங்க?’ என்று ஏன் கேட்கவில்லை என்றதற்கு மேஸ்திரி சொன்னது எனக்கு மறக்காது. “எனக்குச் சந்தேகமே வரலைங்க. வந்திருந்தாலும், எதைன்னு கேட்டா இவ்வளவு நேரம் என்னத்தைக் கேட்டேன்னு ஐயா நெனப்பாருங்க.”

எடுத்த முடிவுகள்

முதல் வேலை செடி. அக்டோபர் 5, 6 இரண்டு நாளில் 40-ஐயும் வேரோடு எடுத்து அங்கேயே எரித்தோம். எரிக்கும் முன் தண்டைப் பிளந்து பார்த்தோம். பெரும்பாலானவற்றில் புழு உள்ளேயே இருந்தது. 6 தண்டில் வண்டு வெளியேறிய வட்ட ஓட்டை இருந்தது. அவை இந்தத் தாமதத்தில் போனவையா, முந்தின பருவத்தில் போனவையா என்று சொல்ல முடியாது. வெயில் விழுந்த இடத்தில் கல்யாண முருங்கைப் போத்து நட்டோம்.

இரண்டாவது, பேச்சு. முதலில் நான் போட்ட விதி தவறானது. ‘அது’ என்று வருகிற ஒவ்வோர் இடத்திலும் மேஸ்திரி பொருளைச் சொல்லி உறுதி செய்ய வேண்டும் என்றேன். அடுத்த புதன்கிழமையே அது படுத்துவிட்டது. பேச்சு பரீட்சை மாதிரி ஆகி, 15 நிமிடத்தில் முடிந்தது. மழை, காற்று, யார் வேலைக்கு வரவில்லை என்று மேஸ்திரி தானாகச் சொல்லும் சேதி எல்லாம் நின்றுபோயிற்று. சாய்ந்த மரத்தைப் பற்றிய தகவலே அப்படித் தானாக வந்ததுதானே. 20 இடம் சரியாக ஓடுகிற பேச்சை 3 இடத்துக்காக முறித்துவிட்டேன் என்று தெரிந்ததும் விதியை மாற்றினேன்.

செய்தபிறகு திருப்ப முடியாத வேலைக்கு மட்டும் உறுதி செய்வது என்று வைத்தோம். வெட்டுவது, பிடுங்குவது, எரிப்பது, மருந்து அடிப்பது, விற்பது, பணம் கொடுப்பது. இதில் எது வந்தாலும் மேஸ்திரி பொருளின் பெயர், இடம், எண்ணிக்கை மூன்றையும் தன் வாயால் திருப்பிச் சொல்ல வேண்டும். நானே சொன்னால் என்ன என்று பெரியவர் கேட்டார். அவர் சொன்னால் தன் மனதில் இருப்பதையே மறுபடி சொல்வார். மேஸ்திரி மனதில் எது உட்கார்ந்திருக்கிறது என்பது வெளியே வராது. அது மேஸ்திரி வாயிலிருந்துதான் வர வேண்டும்.

எப்படிக் கேட்பது என்பதிலும் கொஞ்சம் தட்டுத் தடுமாறினோம். ‘எதைங்க?’ என்று வெறுமனே கேட்டால், “அதான்பா, அப்ப சொன்னேனே” என்று பதில் வரும். ஒரு ‘அது’வுக்கு இன்னொரு ‘அது’. சரி, தான் புரிந்துகொண்டதைச் சொல்லி ‘தானுங்களே’ என்று கேட்கட்டும் என்றேன். அது கேட்கிறவருக்கும் கௌரவம்: கவனித்திருக்கிறார் என்று தெரியும். ஆனால் அதிலும் ஒரு ஓட்டை. ஒரு நாள் மேஸ்திரி எண்ணிக்கையைத் தவறுதலாக மாற்றிச் சொல்ல, பெரியவர் “ஆமா ஆமா” என்று போய்விட்டார். ‘தானே’ என்று முடிந்தால் ‘ஆமா’ தானாக வந்துவிடுகிறது. கடைசியில் நின்றது இரண்டைக் காட்டிக் கேட்பது: “மரமுங்களா, செடிங்களா?” இதற்கு ‘ஆமா’ என்று பதில் சொல்ல முடியாது. ஏதாவது ஒரு பெயரைச் சொல்லியே ஆக வேண்டும். தனக்குச் சந்தேகம் இல்லாவிட்டாலும், அன்றைய பேச்சில் அந்தச் சொல்லுக்குப் பொருந்துகிற இன்னொரு பொருள் எது என்று மேஸ்திரி ஒரு கணம் தேட வேண்டும். அந்தத் தேடல்தான் வேலை செய்கிறது.

பெரியவருக்கு ஒன்றே ஒன்று சொன்னேன். நடுவில் வேறு பேச்சு வந்துவிட்டால், பழைய விஷயத்துக்குத் திரும்பும்போது பெயரைச் சொல்லித் திரும்புங்கள். முயன்றார். பாதி நாள் மறந்துவிடுகிறார். அவருக்கு அந்த விஷயம் மனதை விட்டுப் போவதே இல்லை, ஆகையால் ‘திரும்புகிறோம்’ என்ற உணர்வே வருவதில்லை. இதை அவர் பழக்கத்தை நம்பி விட முடியாது என்று புரிந்துகொண்டேன். காவல் கேட்கிறவர் பக்கம்தான் இருக்க வேண்டும்.

பிறகு

ஜனவரி முடியும்வரை மேஸ்திரி ஒரு சின்ன நோட்டில் குறித்து வந்தார். 14 முறை உறுதி செய்திருக்கிறார். 12 முறை அவர் நினைத்ததும் ஐயா சொன்னதும் ஒன்றே. 2 முறை வேறு. அதில் ஒன்று பணம் சம்பந்தப்பட்டது. அறுவடை முடியும் சமயம், பேச்சு அரை மணி நேரத்தைத் தாண்டியபோது பெரியவர், “அந்த மூட்டையைப் போட்டுடு, வெலை எறங்கறதுக்குள்ள” என்றார். ஸ்டோரில் இரண்டு வகை மூட்டை: தோல் உரித்துக் கழுவிக் காயவைத்த பார்ச்மென்ட், பழமாகவே காயவைத்த செர்ரி. மேஸ்திரி மனதில் இருந்தது பார்ச்மென்ட். காலையில்தான் அதை மூட்டை பிடித்திருந்தார். “பார்ச்மென்ட்டுங்களா, செர்ரிங்களா?” என்று கேட்டார். “செர்ரிப்பா. பார்ச்மென்ட்டைத் தொடாதே” என்று வந்தது பதில். வியாபாரியின் வண்டி மறுநாள் காலையில் வந்தது.

பெரியவருக்கு இந்தக் கேள்வி எரிச்சலாக இருக்கிறதா என்று ஒருமுறை கேட்டேன். முதல் சில வாரம் இருந்தது, இப்போது அவன் கேட்காவிட்டால்தான் ஒரு மாதிரி இருக்கிறது என்றார்.

மறுபடி செய்வதாக இருந்தால்

மேஸ்திரியிடம் பதிவைப் போட்டுக்காட்டியபோது, நடந்தது என்ன என்று அவருக்கு முன்பே தெரியும். அந்த ஒரு இடத்தில் அவர் சொன்ன பதிலில் பின்புத்தி கலந்திருக்கலாம். முதலில் பழைய, பிரச்சினை இல்லாத ஒரு பேச்சைப் போட்டுக் கேட்டுவிட்டு, அதன் பிறகு இதற்கு வந்திருக்க வேண்டும். அன்று மேலே போனதும் நான் கேட்ட தொனியும் தவறு. “யாரைக் கேட்டு வெட்டினீங்க?” என்று ஆரம்பிக்காமல், “ஐயா என்ன சொன்னாருங்க?” என்று ஆரம்பித்திருக்கலாம்.

இன்னொன்று, சனிக்கிழமைச் சரிபார்ப்பு. ‘எடுத்தாச்சா?’ என்று கேட்பதை இப்போது விட்டுவிட்டோம். “இந்த வாரம் என்னென்ன ஆச்சு?” என்று பெரியவர் கேட்கிறார், மேஸ்திரி ஒவ்வொன்றாகப் பெயரும் எண்ணிக்கையுமாகச் சொல்கிறார். இது தொடக்கத்திலேயே இருந்திருந்தால் “மரம் ரெண்டும் சாச்சாச்சுங்க” என்ற சொல் மறுநாளே வந்திருக்கும், செடிகள் இரண்டு வாரம் நின்றிருக்காது.

வெட்டிய மரங்களின் அடியில் மிளகின் வேர் சாகவில்லை. மேஸ்திரி அடியிலிருந்து ஓடிய கொடியை எடுத்து, நட்ட கல்யாண முருங்கையில் ஏற்றிக் கட்டினார். இரண்டு போத்தில் ஒன்று பிடித்துக்கொண்டது, மற்றொன்று அழுகிப்போயிற்று. பிப்ரவரியில் பெரியவர் முதல் முறையாக மேலே வந்தபோது அந்த இடத்தில் தடியை ஊன்றிச் சற்று நேரம் நின்றார். அப்புறம் பிடித்த போத்தைத் தடியால் தொட்டு, “இந்த முருங்கைல இன்னொரு கொடி ஏத்து” என்றார். கண்ணுக்கு நேரே இருந்தும், முருங்கை என்று பெயரைச் சொல்லித்தான் சொன்னார்.